ஒரு கால் குறைந்த ‘ஸா’

அந்தக் கல்லில் ஒரு எழுத்துக்குக் கால் குறைகிறது என்று, கல்லை நாட்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் பச்சை மையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இப்போது இதை எழுதுவதும் மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் சமஸ்கிருத டீச்சர். விருதுநகரில் வீடு, சிவகாசி போகிற ரோட்டில் பள்ளிக்கூடம். வீட்டில் அம்மா நர்ஸ், அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மதுரையில் காலேஜில் சேரப் போன அன்றைக்கு இங்கிலீஷ் சீட்டு முடிந்துவிட்டது, சமஸ்கிருதத்தில் மட்டும் காலி நிறைய இருந்தது. ஒரு வருஷம் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்று சேர்ந்தேன். மாறவில்லை. பிடித்துப்போய்விட்டது. அதற்கு மேல் அதில் கதை எதுவும் இல்லை. ஆனால் இருபது வருஷமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதில் ஒரு கதை இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதலில் கேட்டவர் பெரிய டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர், நான் வேலைக்குச் சேரும்போது தலைமையாசிரியை. இண்டர்வியூவில் என் சர்ட்டிபிகேட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “வேதக்காரப் பிள்ளைக்கு இது எதுக்கு?” என்றார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேதக்காரிதானே வேதம் படிக்கணும்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “வாய் நீளம். திங்கக்கிழமை வந்துரு,” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த ஆர்டர். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தேன். ஒரு நாள் என்னை நல்ல டீச்சர் என்று சொன்னதில்லை. பாடக்குறிப்பு நோட்டைப் பிள்ளைகள் முன்னாலேயே வீசியிருக்கிறார். அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏதோ பாசத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

பிடிக்காது என்பது வேறு, நடந்தது வேறு. தாயில்பட்டிப் பக்கம் அவர் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டாசு யூனிட் இருந்தது. அங்கே வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பெரிய டீச்சர்தான். ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ். அதுதான் இந்தப் பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் சீக்குப்பட்டு இறந்துபோனபின் தொழில் அவருடைய தம்பி கைக்கு வந்தது. பள்ளிக்கூடமும் வந்தது. தம்பி தாளாளர் ஆனார். மூன்று மாடி எழும்பியது, ஏழாயிரம்பண்ணை வரைக்கும் மஞ்சள் பஸ் ஓடியது. பெரிய டீச்சருக்கு எட்டு வருஷம் முன்னால் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் சுவரில் வேப்பமரத்தடிப் படம் ஒன்று தொங்கும். வெள்ளை அடிக்கும்போது கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. அந்த வருஷ ஆண்டு மலரில் தாளாளர் படத்துக்குக் கீழே ‘நிறுவனர்’ என்று வந்தது. ஸ்டாப் ரூமில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

புதுக் கட்டடம் முடிகிற சமயம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், வாசல்ல ஒரு கல்லு வைக்கோம். திறக்கிறதுக்கு மடத்துல இருந்து பெரிய பண்டிதர் வாராக. சமஸ்கிருதத்துல நாலு வரி நல்லா கணீர்னு எழுதிக் கொடுங்க. ஆரம்பிச்சவகளப் பத்தி.”

“யார் பேரைப் போடணும் ஸார்?”

“பேரே வேண்டாம். பேரு போட்டா பெருமைக்கு அலையுதான்னு சொல்வாக. மொட்டையா இருக்கட்டும். யாரச் சொல்லுதுன்னு படிக்கிறவகளுக்குத் தெரியாதா என்ன?” என்று நாற்காலியில் சாய்ந்தார். “எழுத்து தமிழ் எழுத்தா இருக்கட்டும். நாகரி எவனுக்குத் தெரியும்?”

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மனதில் யார் இருந்தது என்று கேட்கவே தேவையில்லை.

அன்று சாயங்காலம், விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனேன். கல் விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. காபி கொடுக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

“நீதான் எழுதுதியாமே?”

“ஆமா மேடம்.”

“எழுது. எம்புட்டு வேணா அவனத் தூக்கி எழுது. ஆனா நான் ஒண்ணு கேக்கேன். எனக்கு மாலை வேண்டாம், மேடை வேண்டாம், படம் வேண்டாம். இத ஆரம்பிச்சது ஒரு பொம்பளைன்னு ஒத்த வரி. ஒரே ஒரு வரி. அது அந்தக் கல்லுல வரணும். உன்னால முடியுமா முடியாதா?”

பெரிய டீச்சர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியையும் அதட்டலாகத்தான் கேட்டார். “பேர் போடக்கூடாதுன்னுட்டாங்க மேடம்,” என்றேன். “அப்ப போ,” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வரும்போதுதான் பொறி தட்டியது. பேர்தானே போடக்கூடாது? சமஸ்கிருதத்தில் பேர் இல்லாமலே ஒரு ஆளை நிறுத்தலாம்.

இதை நான் எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்கிறேன். சமஸ்கிருதத்தில் ‘யத்’ என்று ஒரு சொல், ‘தத்’ என்று ஒரு சொல். தமிழில் எவன் - அவன், எது - அது மாதிரி. ‘எவன் படிக்கிறானோ அவன் ஜெயிக்கிறான்’ என்போம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் தமிழில் நமக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை, ‘படிக்கிறவன் ஜெயிக்கிறான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அங்கே அப்படியில்லை, செய்யுள் கட்டுவதற்கே அதுதான் கயிறு. முதல் வரியில் ‘எவளால்’ என்று எடுத்தால், இரண்டாம் வரியில் ‘எவளுடைய’ என்று தொடரலாம், மூன்றாம் வரியில் ‘எவளை’ என்று இன்னும் இழுக்கலாம். எட்டு வரியானாலும் இழுக்கலாம். கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். கடைசியில் ‘அவள்’ என்று ஒரு சொல் வந்து விழும். அப்போதுதான் அத்தனை வரியும் ஒரு ஆள் மேல் போய் உட்காரும்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. யத்தும் தத்தும் ஒரே ஆளைச் சொன்னால் பால் ஒன்றாக இருக்கவேண்டும், எண் ஒன்றாக இருக்கவேண்டும். பெண் என்றால் இரண்டு இடத்திலும் பெண், ஒருத்தி என்றால் இரண்டு இடத்திலும் ஒருத்தி. வேற்றுமை மட்டும் அந்தந்த வாக்கியத்தில் அந்த ஆளுக்கு என்ன வேலையோ அதைப் பொறுத்தது. ‘யயா’ என்றால் எவளால். ‘யஸ்யா:’ என்றால் எவளுடைய. ‘யாம்’ என்றால் எவளை. ‘ஸா’ என்றால் அவள். மூன்றாம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, முதல் வேற்றுமை. நாலும் நாலு உருவம். ஆள் ஒருத்திதான்.

மூன்று நாளில் எழுதி முடித்தேன். இரண்டு சுலோகம், ஆனால் வாக்கியம் ஒன்றுதான்.

யயா நிம்பதரோர் மூலே
பாடிதா: சிசவ: புரா
யஸ்யா: பாணிதலே த்ருஷ்டம்
ஸுதாசூர்ணம் ஸதா ஸிதம்

யாம் த்ருஷ்ட்வா பாலகா: ஸர்வே
மாதரித்யாஹ்வயன் முதா
ஸா வித்யாலயவ்ருக்ஷஸ்ய
மூலமேகம் ந சாபரம்

எவளால் வேப்பமரத்தடியில் முன்பு குழந்தைகள் படிப்பிக்கப்பட்டார்களோ, எவளுடைய உள்ளங்கையில் எப்போதும் வெள்ளைச் சுண்ணப்பொடி காணப்பட்டதோ, எவளைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாரும் மகிழ்ந்து ‘அம்மா’ என்று அழைத்தார்களோ, அவள்தான் இந்தப் பள்ளி என்னும் மரத்துக்கு ஒரே வேர், வேறு யாரும் இல்லை.

மகிழ்ந்து அழைத்தார்கள் என்பது பொய். பெரிய டீச்சரைப் பார்த்தால் பிள்ளைகள் கழிவறைக்குள் ஓடி ஒளிவார்கள். செய்யுளில் அந்த அளவு பொய்யை நான் எனக்கு அனுமதித்துக்கொண்டேன்.

தாளாளரிடம் செய்யுளை மட்டும் கொடுத்தேன், பொருள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. இரண்டாம் நாள் கூப்பிட்டு விட்டார். போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“போன்ல போட்டுப் பாத்தேன். இங்கிலீஷ்ல சொல்லுதுல்ல.”

போனை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேப்பமரம், சாக்பீஸ், பிள்ளைக சந்தோசத்துல ‘அம்மா’ன்னு கூவுதாக, சரி. கடைசில என்ன ‘ஷீ’ன்னு வருது? ‘ஸா’ன்னா பொம்பளையா?”

அப்போதுதான் புரிந்தது. இங்கிலீஷில் எவனால், எவளால் என்ற வித்தியாசமே கிடையாது. ரெண்டுக்கும் ஒரே சொல்தான். எவனுடைய, எவளுடைய, எல்லாம் ஒன்றுதான். போன் அவருக்கு மூன்று யத்தையும் பால் தெரியாமல் முக்காடு போட்டுக் காட்டியிருக்கிறது. கடைசித் தத் மட்டும்தான் முகம் காட்டியிருக்கிறது. பிள்ளைகள் ‘அம்மா’ என்றதை வெறும் சந்தோஷக் கூச்சல் என்று அவரே எடுத்துக்கொண்டார்.

“ஆமா ஸார். ‘ஸா’ன்னா பொம்பளை.”

“ஆம்பளைன்னா?”

“‘ஸ’.”

“அம்புட்டுதானா? ஒரு கால எடுத்துட்டாப் போதுமா?”

இங்கேதான் எல்லாம். நான் டீச்சர், கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகினவள். ‘போதாது ஸார், முன்னால் மூன்று பெண்பால் சொல் நிற்கிறது, அவற்றையும் மாற்றவேண்டும்’ என்று சொல்லியிருக்கவேண்டும். ஆண்பாலில் ‘ஸ:’ என்பதற்கு விஸர்க்கம் என்கிற அந்த இரண்டு புள்ளி உண்டு, மெய்யெழுத்துக்கு முன்னால் அது விழுந்துவிடும், ஆகவே ‘வித்யாலய’ என்பதற்கு முன்னால் வெறும் ‘ஸ’தான் நிற்கும். சந்தத்துக்கும் பழுதில்லை, அந்த வரியில் முதல் எழுத்து குறிலானாலும் நெடிலானாலும் ஓடும். காது கண்டுபிடிக்காது. இலக்கணம் தெரிந்தவன் மட்டும்தான் கண்டுபிடிப்பான்.

“அந்த இடத்துல கால எடுத்துட்டா ‘அவன்’னு ஆயிரும் ஸார்,” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

“பொறவு ஏன் முதல்லயே பொம்பளையாப் போட்டீக?” என்றார். சத்தம் உயரவில்லை. “மதினி வீட்டுக்குப் போயிட்டு வந்தீகளாமே? நம்ம பஸ் டிரைவர் சொன்னான். டீச்சர், உங்க ஆளுகளுக்கு இதுல வேலையே இல்ல. நான்தான் உங்களுக்கு இங்கன ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கேன். அத மறந்துராதீக.”

நாற்காலி போட்டுக் கொடுத்தது அவர் இல்லை. வாய் நீளம் என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வரச்சொன்ன பொம்பளை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் நீளம் போதவில்லை. உள்ளுக்குள் கொதித்தது. சரிதான், காலை எடுத்துக்கோ, அவமானப்படு என்று நினைத்துக்கொண்டேன். பெரிய டீச்சர் கேட்ட ஒற்றை வரி என்ன ஆகும் என்று அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை. எனக்கு அவரை அவமானப்படுத்தவேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

சிவகாசியில் எங்கள் பள்ளி மலர் அடிக்கிற பிரஸ்ஸில்தான் கல்லுக்கும் எழுத்து அடுக்கினார்கள். அவர்கள் அடுக்கிக் கொடுப்பதை ஸ்டிக்கராக வெட்டிக் கருங்கல்லில் ஒட்டிப் பொறிப்பார்கள். தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. என் தாளை அதற்கு நடுவில் இருந்து உருவி எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் நல்ல சூட்டிகை, தமிழில் ஒரு பிழை விடமாட்டாள். திரையைக் காட்டி, “மிஸ், மத்த வரி எல்லாம் யா, யா, யான்னு வருது. இங்க மட்டும் ‘ஸ’ன்னு மொட்டையா இருக்கே, கால் விட்டுப்போச்சா?” என்றாள்.

சமஸ்கிருதம் ஒரு எழுத்துத் தெரியாத பெண். வெறும் கண்ணால் கண்டுபிடித்துவிட்டாள்.

“இல்லம்மா, அப்படித்தான்,” என்றேன். பச்சை மையில் ‘சரி’ என்று எழுதினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு லேபிளுக்குத் திரும்பினாள்.

திறப்பு விழா காலையில் பத்து மணிக்கு. வாசலில் பந்தல், முன் வரிசையில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள், பிரஸ்காரர்கள், நடுவில் சோபாவில் தாளாளர். பெரிய டீச்சரை அழைத்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அழைப்பிதழ் போயிருக்கிறது, சும்மா மரியாதைக்கு. வரமாட்டார் என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். வந்துவிட்டார். ஆறாவது வரிசையில் பெற்றோர்களோடு, கையில் பையை வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைப் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பண்டிதர் வயசானவர், ஒல்லி, குரல் மட்டும் வெண்கலம். திரையை விலக்கினார். கை தட்டினார்கள். போய் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சுலோகத்தைப் பார்த்தால் படிக்காமல் விடுகிற ஜாதி இல்லை அவர். மைக்கைக் கல் பக்கம் இழுத்துக்கொண்டு ராகத்தோடு படிக்கத் தொடங்கினார்.

“யயா…” என்று எடுத்ததும் லேசாகத் தலையை ஆட்டினார், ரசித்தார். “யஸ்யா:…” என்றபோது சபையைப் பார்த்துச் சிரித்தார். “யாம் த்ருஷ்ட்வா…” என்று நீட்டும்போது கை மேலே போய்விட்டது. அந்தக் கை கடைசி ‘ஸா’வில் இறங்குவதற்காகத் தயாராக நின்றது. “ஸ…” என்றார். நின்றுவிட்டார். கை அந்தரத்திலேயே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

“அடடா,” என்றார் மைக்கில். “இவ்வளவு அழகா மூணு தடவை ‘எவள், எவள், எவள்’னு எடுத்திருக்கா. நாலாவது ‘அவன்’னு முடியறதே. இது பொருந்தாது. பொறிக்கிறவா ஒரு கால் விட்டுட்டா போலிருக்கு. இது ஸ்த்ரீயைப் பத்தின சுலோகம். வேப்பமரத்தடியில பாடம் சொன்ன அந்த அம்மா யாரு? இங்க இருக்காளா?”

முன் வரிசையில் ஒருத்தர் செருமினார். தாளாளர் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார், ஆனால் காது சிவந்துபோயிருந்தது. அவர் கண் என்னைத் தேடியது, கண்டுபிடித்துவிட்டது.

“ஒரு சாக்பீஸ் கொடுங்கோ,” என்றார் பண்டிதர்.

என் பையில் இருந்தது, எப்போதும் இருக்கும். எழுந்து போய்க் கொடுத்தேன். நானே கொடுத்தேன். அவர் கல்லில் ‘ஸ’வுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கால் இழுத்தார். “ஸா,” என்று மைக்கில் சொன்னார். பிறகு தமிழில், “அவள்,” என்றார். பின் வரிசைகளில் யாரோ கை தட்டினார்கள், தாயில்பட்டியிலிருந்து வந்த பெற்றோர்கள். சிலர் திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். அவர் கல்லைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிவதற்கு முன்னாலேயே ஆபீஸுக்குக் கூப்பிட்டார் தாளாளர். கதவைச் சாத்தினார்.

“வேணும்னே செஞ்சீகளா?”

“நீங்க சொன்னீங்க, எடுத்தேன்.”

“ஒரு கால எடுத்தாப் போதுமான்னு உங்கள்ட்ட கேட்டேன்ல? நாயமா கேட்டேன்ல? பதில் சொல்லாம என்னைய இம்புட்டுப் பேரு முன்னால நிக்க வச்சுட்டீகளே, இது என்ன புத்தி?” மேஜையில் ஓங்கி அடித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. “புதுக் கல்லு போடுதேன். அந்த மூணையும் ஆம்பளையா மாத்தி இன்னைக்கே எழுதிக் கொடுங்க. கொடுத்துட்டு நீங்க கெளம்பிரலாம். ஒரேயடியா.”

“மாத்தலாம் ஸார். யயாவை யேனன்னு மாத்தலாம், யஸ்யாவை யஸ்யன்னு மாத்தலாம், யாமை யம்னு மாத்தலாம். சந்தம்கூட இடிக்காது. ஆனா ஆறாவது வரி ஒண்ணு இருக்கு.”

“அதுக்கு என்ன?”

“பிள்ளைக உங்களப் பாத்து ‘அம்மா’ன்னுல்ல கூப்பிடும்?”

எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அப்புறம், “வெளிய போங்க,” என்றார். போனேன். வேலை அன்றோடு போனது. அந்த வரியைச் சொன்னதற்காகப் போனது என்றால் போகட்டும் என்று அப்போது ரொம்பத் திமிராக நினைத்தேன். நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்கூட.

மூன்றாம் நாள் காலை பெரிய டீச்சரிடமிருந்து போன் வந்தது. “பள்ளிக்கூட வாசலுக்கு வா,” என்று ஒரே வார்த்தை. அவர் பாராட்டப் போகிறார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார். கூட ஒரு கொத்தனார், கையில் உளியும் சுத்தியலும். சாக்பீஸ் கோட்டை யாரோ ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள், அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே நின்றான், அவரைத் தடுக்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை.

“எந்த எழுத்து, காட்டு.”

காட்டினேன். கொத்தனார் பென்சிலால் கோடு போட்டார்.

“கல்லுல சேக்கத்தான் முடியும், எடுக்க முடியாது. அவனுக்கு அது தெரியாது,” என்றார் பெரிய டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “பிரஸ்ல போய்க் கேட்டேன். அந்தத் தாள எடுத்துக் காட்டுனாக. பச்ச மையில சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. அந்தப் புள்ள கேட்டுச்சாமே, கால் விட்டுப்போச்சான்னு. அப்படித்தான்னு சொல்லிருக்க.”

“மேடம், அவரை மாட்டிவிடத்தான்…”

“தெரியும். பண்டிதர் அன்னைக்குப் படிக்காம உக்காந்திருந்தா?”

அப்படி ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.

“எனக்கு உன் பாஷை தெரியாது. அவரு மைக்குல சொன்னத வச்சுத்தான் கேக்கேன். மூணு வரி எவ, எவ, எவன்னு என்னையக் கேட்டுட்டு, நாலாவது வரியில வர்ற பதிலப் பிடுங்கிட்டுப் போயிருக்க. ‘அவ’ வராட்டா நான் யாருடி? இத்தன வருஷமா இவங்கிட்ட எவளோ ஒருத்தியா நின்னது போதாதுன்னு, கல்லுலயும் எவளோ ஒருத்தியா நிக்கணுமா? உன் கோவத்தத் தீத்துக்கிறதுக்கு ஏங் கல்லா கெடச்சுச்சு?”

கொத்தனார் உளியை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“நீ வெட்டு,” என்றார் அவரிடம். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. யத் வந்தால் தத் வந்தே ஆகவேண்டும், தத் வராத யத் பாதியில் விட்ட பேச்சு. பிள்ளைகளிடம் அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு அது என்ன செய்யும் என்பது எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

உளி நாலு தட்டில் முடித்துவிட்டது. கொஞ்சம் கோணல்தான், மற்ற எழுத்து மாதிரி வழவழப்பு இல்லை. பெரிய டீச்சர் குனிந்து அந்தப் பொடியைப் புறங்கையால் தட்டிவிட்டார்.

“இப்ப படி,” என்றார், திரும்பாமலே. “முழுசா.”

படித்தேன்.